டிக்கெட்டில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்து

விமான டிக்கெட்டில் எகானமி என்று எழுதி, பக்கத்திலேயே `V` என்றோ `Q` என்றோ ஓர் எழுத்து இருக்கும். முன்பதிவு வகுப்பு என்பது அதுதான். பறந்ததற்கு விமான நிறுவனம் தரும் வெகுமதிப் புள்ளிகளை மைல் என்பார்கள். போன வருடம் என் மாமா ஃபிராங்க்ஃபர்ட் போய்விட்டு வந்து மைல் கணக்கைப் பார்த்தால் சுழியம். அவர் வாங்கிய எழுத்துக்கு மைலே கிடையாது என்பது பயணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரே வரிசையில் உட்காரும் இருவர் வேறு வேறு எழுத்தில் வந்திருப்பார்கள். இருக்கை ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். எழுத்து என்பது இருக்கையின் பெயர் இல்லை, விலைத் தொட்டியின் பெயர். டிராவல் ஏஜெண்ட் திரையில் அது இப்படித் தெரியும்:

```
Y9 B9 M9 H9 Q4 V2 K0 L0
```

`Y` முழு விலை எகானமி, வலப்பக்கம் போகப் போக மலிவு. எண் என்பது அந்த விலையில் இன்னும் எத்தனை விற்கலாம் என்பது, 9 என்றால் ஒன்பது அல்லது அதற்கு மேல். விமானத்தில் ஐம்பது இருக்கை காலியாக இருந்தாலும் `K0` என்று மூடி வைப்பார்கள். அந்தக் கணக்கை 1972-இல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் சொன்னார். உதாரணமாக மலிவு டிக்கெட் 22,000 ரூபாய், விலை உயர்ந்தது 55,000 என்றால், கடைசி நேரத்தில் 55,000 கொடுக்க ஆள் வருவதற்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கும்வரை அந்த இருக்கையை மலிவாக விற்காமல் வைத்திருப்பதே லாபம்.

மேலே இருக்கும் வரியில் நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால் `V`-இல் இரண்டுதான் இருக்கிறது, அதனால் வழக்கமாக நான்கு பேருக்கும் `Q` விலையே வரும். இரண்டு இரண்டாகப் பிரித்துத் தேடினால் முதல் இருவருக்கு `V` கிடைக்கும், ஆனால் பதிவு எண் இரண்டாகிவிடும். விமானம் ரத்தானால் இரண்டு ஜோடியும் வேறு வேறு விமானத்தில் மாட்டிக்கொள்ளலாம். குழந்தைகளோடு போனால் நான் பிரிக்க மாட்டேன்.

இனி மைல். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 4,700 மைல். தூரத்தை வைத்துக் கணக்கிடும் ஒரு திட்டத்தில் `V`-க்கு 25 சதவீதம், `Q`-க்கு 50 என்று வைத்துக்கொள்வோம். போக வர `V`-இல் 2,350 மைல், `Q`-இல் 4,700. `Q` டிக்கெட் 3,000 ரூபாய் கூடுதல் என்றால் அந்த 2,350 மைலை ஒன்று ஒண்ணேகால் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறீர்கள். மைலுக்காக மட்டும் என்றால் நான் அதைச் செய்ய மாட்டேன். ஒன்றை மறக்க வேண்டாம்: மைல் எந்தத் திட்டத்தில் சேர்கிறதோ அந்தத் திட்டத்தின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஒரே `V` டிக்கெட் ஒரு கூட்டணி நிறுவனத்தின் திட்டத்தில் பாதி மைல் தரும், இன்னொன்றில் ஒன்றுமே தராது. யுனைடெட், டெல்டா மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் சொந்த டிக்கெட்டுக்கு 2015 முதல் கொடுத்த பணத்தை வைத்து மைல் தருகின்றன, அங்கே எழுத்தின் பங்கு குறைவு.

எகானமி டிக்கெட்டில் பிசினஸுக்கு மாறும் அப்கிரேடில் எழுத்து இரண்டு இடத்தில் குறுக்கே வரும். முதலில் தகுதி: மிக மலிவான எழுத்துகளைப் பல நிறுவனங்கள் அப்கிரேடுக்கே ஏற்பதில்லை. அப்புறம் வரிசை. யுனைடெட்டில் காத்திருப்போரை முதலில் மைல் திட்டத்தில் அவர்களின் உறுப்பினர் நிலைப்படி அடுக்கி, அதே நிலையில் இருப்பவர்களுக்குள் எழுத்துப்படி பிரிப்பார்கள். பிசினஸில் இடம் காலியாகத் தெரிந்தாலும் போதாது, அப்கிரேடுக்கென்று தனித் தொட்டி திறந்திருக்க வேண்டும், யுனைடெட்டில் அதன் பெயர் `PZ`. அப்கிரேடு கிடைத்து பிசினஸில் பறந்தாலும் மைல் பொதுவாக நீங்கள் வாங்கிய எழுத்துக்குத்தான்.

தேதி மாற்றம்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்வது. விதி எழுத்தில் இல்லை, `VLXE6M` மாதிரி இருக்கும் கட்டணக் குறியீட்டில் இருக்கிறது. முதல் எழுத்து பெரும்பாலும் வகுப்பு, `X` வழக்கமாக வார நாள், `6M` ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது. மீதியை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். அதனால் குறியீட்டை ஊகிக்காமல் விதியைத் திறந்து, `PENALTIES` என்ற பகுதியைப் படிக்க வேண்டும். ஏஜெண்டிடம் கேட்டால் பதினாறாம் பிரிவு என்று எடுத்துத் தருவார்.

அங்கே மாற்றக் கட்டணம் 5,000 என்று இருந்தால் செலவு 5,000-தான் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் வாங்கியது `V`, புதிய தேதியில் `Q`, `V` இரண்டும் மூடி, திறந்திருப்பதில் மலிவானது `H` என்றால், 5,000-உடன் `H`-க்கும் `V`-க்கும் உள்ள வித்தியாசமும் சேரும். கட்டணமே இல்லாத மாற்றம் என்று விளம்பரம் செய்யும் டிக்கெட்டிலும் இந்த வித்தியாசம் வழக்கமாக உண்டு. போகும்போது ஒரு விதியும் வரும்போது வேறு விதியும் இருந்தால் பெரும்பாலும் கடுமையானதே இரண்டுக்கும் பொருந்தும். `NO-SHOW` என்ற வரியையும் பாருங்கள், விமானம் கிளம்பிய பிறகு கூப்பிட்டால் வேறு தொகை, சில டிக்கெட்டில் மாற்றவே முடியாது.