போர்ட்ஃபாஸ்ட்: கேபிள் செருகிய பிறகும் ஐபி வராத அந்த அரை நிமிடம்

போர்ட்ஃபாஸ்ட் என்ற பெயரைக் கேட்டால் போர்ட்டின் வேகத்தைக் கூட்டும் வசதி என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. 1 ஜிகாபிட் போர்ட்டில் இதைப் போட்டாலும் அது 1 ஜிகாபிட் போர்ட்தான். பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவியில் கேபிள் செருகியதற்கும் முதல் தகவல் உள்ளே போவதற்கும் நடுவில் உள்ள காத்திருப்பை மட்டும் இது எடுத்துவிடுகிறது.

இந்தப் பெயர் சிஸ்கோ தன் ஸ்விட்சுகளில் உள்ள இந்த வசதிக்கு வைத்துக்கொண்டது. இதே கருத்துக்கு ஐஇஇஇ தரநிலையில் உள்ள பெயர் 'எட்ஜ் போர்ட்', அதாவது வலையமைப்பின் ஓரத்தில், அதற்கு அப்பால் வேறு ஸ்விட்ச் எதுவும் இல்லாத இடத்தில் இருக்கும் போர்ட். சிஸ்கோவின் புதிய மென்பொருள்களில் கட்டளையே `spanning-tree portfast edge` என்று இரண்டு பெயரையும் சேர்த்து வருகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? போர்ட் என்றதும் பலர் 'துறை' என்று எழுதுகிறார்கள். அது துறைமுகத்தின் வழி வந்த பெயர்ப்பு. கருவியில் கேபிள் செருகும் போர்ட்டோ, வாயில் என்று பொருள்படும் 'போர்ட்டா' என்ற லத்தீன் சொல்லின் வழியில் வருவது. அதனால் 'வாயில்' பொருந்தும். 'விரைவு வாயில்' என்றால் முதலில் சொன்ன வேகக் குழப்பம் தமிழிலும் தொடரும். நான் 'விளிம்பு வாயில்' என்பதையே எடுப்பேன். அந்தப் போர்ட் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. சிஸ்கோ கட்டளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் போர்ட்ஃபாஸ்ட் என்றே விட்டுவிடலாம்.

சரி, காத்திருப்பு எங்கிருந்து வருகிறது? ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறையிலிருந்து. ரேடியா பெர்ல்மன் 1985-ல் டிஇசி நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள்கள் இருந்தால் தகவல் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பி வந்து வட்டமடிக்கும். ஈதர்நெட்டில் தகவல் பயணிக்கும் பொட்டலத்துக்குச் சட்டகம் என்று பெயர். அதில் 'இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ' என்று சொல்லும் எண் எதுவும் கிடையாது. எனவே சுற்று நிற்காது. எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் சட்டகம் ஒன்று மாட்டினாலே போதும், அது பெருகிப் பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும்.

இதைத் தவிர்க்க, பழைய ஸ்பேனிங் ட்ரீ புதிதாக உயிர்பெறும் எந்தப் போர்ட்டையும் உடனே நம்புவதில்லை. முதலில் 15 விநாடி 'லிசனிங்' நிலை. மறுமுனையில் வேறு ஸ்விட்ச் இருந்தால் அது பிபிடியு என்ற அறிவிப்பை அனுப்பும். அதைக் கேட்கத்தான் இந்த நேரம். அப்புறம் 15 விநாடி 'லேர்னிங்' நிலை. கருவிகளின் அடையாள எண்ணான மேக் முகவரி யார் யாருடையது இந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும், ஆனால் எதையும் கடத்தாது. ஆக 30 விநாடி கழித்துத்தான் 'ஃபார்வர்டிங்'. பல சிஸ்கோ ஸ்விட்சுகளில் போர்ட் விளக்கு இந்த நேரம் முழுவதும் ஆரஞ்சாக இருந்து, பிறகு பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணினிப் பக்கத்து விளக்கோ முதல் நொடியிலேயே எரிந்துவிடும். அதனால்தான் கணினி ஏமாறுகிறது.

ஏமாறுவது எப்படி என்று நேரத்தோடு பார்ப்போம். இணைப்பு வந்ததும், 0-வது விநாடியில், கணினி 'எனக்கு ஒரு முகவரி தாருங்கள்' என்று, ஐபி முகவரி வழங்கும் நெறிமுறையான டிஎச்சிபியின் டிஸ்கவர் செய்தியை அனுப்புகிறது. ஸ்விட்ச் அதை வாங்கிக் கீழே போடுகிறது. டிஎச்சிபி தரநிலை பரிந்துரைக்கும் இடைவெளி முதலில் 4 விநாடி, பிறகு 8, 16, 32 என இரட்டிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி முன்பின் இருக்கலாம். அதன்படி அடுத்த முயற்சிகள் 4, 12, 28 ஆகிய விநாடிகளை ஒட்டி வரும். மூன்றும் வீண். 28-வது விநாடியில் போன டிஸ்கவரைக் கவனியுங்கள்: இன்னும் இரண்டே விநாடி தாமதித்திருந்தால் பிழைத்திருக்கும். அடுத்தது 60-வது விநாடியில்தான். ஸ்விட்ச் 30-ல் கதவைத் திறந்துவிட்டாலும் கணினி அடுத்த அரை நிமிடம் வாயே திறப்பதில்லை. 30 விநாடிக் காத்திருப்பு பயனருக்கு ஒரு நிமிடமாகத் தெரிவது இதனால்தான்.

விண்டோஸ் அதுவரைகூடப் பொறுக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளலாம். பின்னணியில் மறுபடி கேட்கும், ஆனால் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் 30 விநாடி மறுபடி முதலிலிருந்து ஓடும்; பொறுமை இழந்து அதையே திரும்பத் திரும்பச் செய்பவருக்கு முகவரி வரவே வராது.

போர்ட்ஃபாஸ்ட் போட்டால் லிசனிங், லேர்னிங் இரண்டையும் தாண்டி போர்ட் நேராக ஃபார்வர்டிங்குக்குப் போகிறது:

```
interface GigabitEthernet1/0/7
 switchport mode access
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
```

0-வது விநாடியில் போன முதல் டிஸ்கவரே சேர்ந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு கணினி அணையும்போதும் எழும்போதும் 'அமைப்பு மாறிவிட்டது' என்ற செய்தி எல்லா ஸ்விட்சுகளுக்கும் போகும். அவை மேக் அட்டவணையை வழக்கமான 300 விநாடிக்குப் பதில் 15 விநாடியில் காலாவதியாக்கத் தொடங்கும். விளிம்பு வாயில் அந்தச் செய்தியை எழுப்புவதில்லை.

'புதிய ஸ்விட்சில் ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ ஓடுகிறதே, அது போதாதா?' என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. அதன் வேகமெல்லாம் இரு ஸ்விட்சுகள் கேட்டு ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. கணினிக்கு அந்தப் பேச்சு தெரியாது, பதில் வராது. போர்ட் விளிம்பு என்று குறிக்கப்படாவிட்டால் அதே 30 விநாடிதான்.

கட்டளையின் கடைசி வரி ஏன்? போர்ட்ஃபாஸ்ட் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிடுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், பிபிடியுவும் போய்க்கொண்டிருக்கும். யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் சுவரில் உள்ள இரண்டு சாக்கெட்டுகளில் செருகிவிட்டால் இரண்டு போர்ட்டும் உடனே திறந்து வட்டம் உருவாகும். 2 விநாடிக்கு ஒருமுறை போகும் பிபிடியு மறுபக்கம் வந்து சேரும்வரை அந்த வட்டம் சுழலும். அந்தக் கடைசி வரி போடும் காவலான பிபிடியு கார்டு இருந்தால், பிபிடியு வந்த கணமே போர்ட் `err-disabled` ஆகி மூடிக்கொள்ளும். பிறகு நிர்வாகி `shutdown`, `no shutdown` கொடுத்துத்தான் திறக்க வேண்டும், தானாக மீளும்படி முன்பே அமைத்திருந்தால் தவிர. ஸ்விட்ச் செருகும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போடாதே என்பது இதனால்தான்.

முகவரி தாமதமானால் குற்றவாளி எப்போதும் ஸ்பேனிங் ட்ரீ என்று முடிவு கட்ட வேண்டாம். டிஎச்சிபி சர்வரே மந்தமாக இருக்கலாம். பிரித்தறிய ஒரு சோதனை. கணினிக்கு அந்த வலையமைப்பில் காலியாக உள்ள ஒரு முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வேக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பதில் 30 விநாடியை ஒட்டி வரத் தொடங்கினால் போர்ட்தான் காரணம். ஓரிரு விநாடியிலேயே வந்துவிட்டால் ஸ்விட்சை விட்டுவிட்டு டிஎச்சிபி பக்கம் பாருங்கள்.