இலைப்புள்ளியைச் சுற்றிய மஞ்சள் வளையம்: பாக்டீரியாவா, பூஞ்சையா?

அருகருகே வைக்கப்பட்ட எட்டுத் தொட்டிகளில் ஆந்தூரியம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றின் முதிர்ந்த இலையில், ஓரத்தை ஒட்டி, மிளகளவு பழுப்புப் புள்ளி ஒன்று தோன்றியிருக்கிறது; அதைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் வளையம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் புள்ளி இரண்டாகியிருக்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது, கைக்குக் கிடைத்த பூஞ்சைக்கொல்லியைக் கலந்து எட்டுச் செடிகளின் மேலும் தெளிப்பதுதான். புள்ளிக்குக் காரணம் பாக்டீரியாவாக இருந்தால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. அது மட்டுமன்றி, தெளித்த நீரே நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டு அடுத்த இலைக்குப் போய்ச் சேரும். எனவே, மருந்தைத் தேடுவதற்கு முன் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் அந்த மஞ்சள் வளையத்தைப் பார்ப்போம், ஏனெனில் கண்ணில் முதலில் படுவதும், அதிகம் தவறாக வழிநடத்துவதும் அதுவே. பழுப்பான நடுப்பகுதியில் இலையின் செல்கள் இறந்துவிட்டன. மஞ்சளான பகுதியில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பச்சையத்தை இழந்துகொண்டிருக்கின்றன. பல நோய்களில் இந்த மஞ்சள் பகுதிக்குள் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கிருமி நடுவில் இருந்தபடி சுரக்கும் நச்சுப்பொருள் அதற்கு முன்னதாகவே சுற்றுப்புறச் செல்களுக்குள் பரவிவிடுகிறது. பீன்ஸ் செடியைத் தாக்கும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்று இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. அது சுரக்கும் ஃபேசியோலோடாக்சின் என்னும் நச்சு, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை இலை உருவாக்கத் தேவையான நொதி ஒன்றை முடக்கிவிடுகிறது. ஆர்ஜினின் இன்றிப் புதிய புரதங்களைக் கட்ட முடியாத செல் வெளிறி மஞ்சளாகிறது. இதே பாக்டீரியா, 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில்தான் இந்த நச்சை நன்றாகச் சுரக்கும். வெப்பநிலை 28 பாகையைத் தாண்டினால் சுரப்பு நின்றுபோவதால், நோய் இருந்தும் வளையம் தெளிவாக உருவாகாமல் போகலாம். மறுபுறம், தக்காளி இலையில் கருகல் நோயை உண்டாக்கும் ஆல்டர்நேரியா என்ற பூஞ்சையும் நச்சுகளைச் சுரந்து, தன் புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வளையத்தை ஏற்படுத்துகிறது. ஆகவே, வளையம் இருப்பதைக் கொண்டு பாக்டீரியா என்றோ, வளையம் இல்லாததைக் கொண்டு பூஞ்சை என்றோ முடிவுசெய்வதற்கு வழியில்லை.

நம்பத்தக்க தடயம், பழுப்பும் பச்சையும் சந்திக்கும் எல்லைக் கோட்டில் இருக்கிறது. பாக்டீரியாவால் இலையின் மேல்தோலைத் துளைக்க முடியாது. இலைத்துளை, காயம் போன்று ஏற்கெனவே திறந்திருக்கும் வழிகளில்தான் அது நுழைகிறது. நுழைந்தபின் செல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் பெருகுகிறது. அந்த இடைவெளியில் சாதாரணமாகக் காற்று நிறைந்திருக்கும். பாக்டீரியா பெருகும்போது செல்களிலிருந்து கசியும் நீர் அந்த இடத்தை நிரப்புவதால், அந்தப் பகுதி எண்ணெய் பட்ட காகிதத்தைப் போல ஒளியை ஊடுருவ விடுகிறது. இதைத்தான் நீர்கோத்த புள்ளி என்று குறிப்பிடுகிறார்கள். பெருகிக்கொண்டே போகும் பாக்டீரியா ஓர் இலை நரம்பை அடைந்ததும், அதைக் கடக்க முடியாமல் தேங்குகிறது. அதனால்தான் வலைப்பின்னல் நரம்புள்ள இலைகளில் பாக்டீரியாப் புள்ளி பெரும்பாலும் வட்டமாக இல்லாமல், நரம்புகளுக்கு இடையே அடைபட்ட கோண வடிவத்தில் இருக்கும்.

பூஞ்சையின் வழி வேறு. வித்து ஈர இலையின்மேல் சில மணி நேரம் இருந்தால் முளைத்து, பல வகைகளில் மேல்தோலைத் தானே துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பிறகு இழைகளாக எல்லாத் திசைகளிலும் வளர்ந்து, நரம்பையும் கடந்துபோகும். ஆகையால் புள்ளி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ விரியும். ஈரமும் வெப்பமும் மாறிமாறி வரும்போது வளர்ச்சி விட்டுவிட்டு நடப்பதால், உள்ளே மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரியும். உலர்ந்த நடுப்பகுதியில் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள் தென்படலாம். அவை பூஞ்சையின் வித்து உண்டாகும் உறுப்புகள். பாக்டீரியாவிடம் அப்படிப்பட்ட எதுவும் கிடையாது என்பதால், அந்தக் கரும்புள்ளிகளை நான் கோணத்தையும் வட்டத்தையும் விடப் பெரிய சான்றாகக் கொள்வேன். வெள்ளரி வகைச் செடிகளில் அடிச்சாம்பல் நோயும் கோண வடிவப் புள்ளிகளையே உண்டாக்குகிறது. அது பாக்டீரியா நோயன்று. இலையின் அடிப்பக்கத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் படர்ந்திருப்பதை வைத்து அதை அடையாளம் காணலாம்.

இப்போது ஆந்தூரியத்துக்குத் திரும்புவோம். புள்ளி இலையின் ஓரத்தில் தோன்றியது என்பது அற்பமான செய்தியன்று. ஆந்தூரியத்தின் இலை விளிம்பில் நீர்த்துளைகள் என்னும் நுண்திறப்புகள் உள்ளன. ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் செடி தன் உபரி நீரை இவற்றின் வழியே துளித்துளியாக வெளியேற்றுகிறது. விடியற்காலையில் இலை ஓரத்தில் முத்துப்போல் நிற்பவை பனித்துளிகள் அல்ல, பெரும்பாலும் இந்தத் துளிகள்தான். அமினோ அமிலங்கள் கலந்த அந்த நீரில் சாந்தோமோனாஸ் பாக்டீரியா பெருகி, துளி உள்ளிழுக்கப்படும்போது அதனுடன் இலைக்குள் போய்விடுகிறது. ஆகவே ஆந்தூரியத்தின் பாக்டீரியாக் கருகல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரும். இலையைத் திருப்பி, அடிப்பக்கம் நம்மை நோக்கியிருக்குமாறு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பழுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே கண்ணாடிபோல் ஒளி கசியும் மெல்லிய பட்டை தெரிந்தால், பாக்டீரியாவின் மேல் சந்தேகம் வலுக்கும். அந்தப் பட்டை இன்றி, உலர்ந்த பழுப்பு நேராகப் பச்சையோடு முடிந்தால், கொலிட்டோட்ரைக்கம் போன்ற பூஞ்சையையோ, வெயில் அல்லது உர உப்பால் வந்த கருகலையோ நினைக்க வேண்டும்.

சந்தேகம் எழுந்த அன்றே தொட்டியை வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும். சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. மாற்றுவதற்கு முன் அந்த இலையைக் காம்போடு அறுத்து எடுத்துக்கொண்டால், அதுவே சோதனைக்கான பொருளாகிவிடும். ஒரு பாதியை நுண்ணோக்கிக்கும் மறு பாதியை ஈரப்பெட்டிக்கும் பயன்படுத்தலாம்.

நுண்ணோக்கிச் சோதனை சில நிமிடங்களில் முடியும். பள்ளியில் பயன்படுத்தும் நூறு மடங்கு பெரிதாக்கும் கருவி போதும். புள்ளியின் உலர்ந்த நடுவை விட்டு, பச்சையோடு சேரும் எல்லையிலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைக் கூரிய பிளேடால் வெட்டி, கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு சொட்டு நீரில் வைத்து மூடி, ஒளியைச் சற்றுக் குறைத்து, வெட்டிய விளிம்பைக் கவனிக்க வேண்டும். பாக்டீரியா இருந்தால் ஓரிரு நிமிடங்களுக்குள் அந்த விளிம்பிலிருந்து புகை கிளம்புவதுபோலச் சாம்பல் நிற ஓட்டம் ஒன்று நீருக்குள் நீளும். அது லட்சக்கணக்கான செல்கள் ஒன்றாக வெளியேறும் காட்சி. ஒருமுறை கண்டவர்களுக்கு மறக்காது. ஆனால் வெட்டுப்பட்ட செல்களின் சாறும் உடனே சிறிது சிதறும், ஆந்தூரியத்தில் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்களும் மிதக்கும். இவற்றைப் பாக்டீரியா என்று எண்ணிவிடாமலிருக்க, அதே செடியின் நோயற்ற இலைத்துண்டு ஒன்றையும் இதேபோல் வைத்து ஒப்பிட வேண்டும். சிதறல் சில நொடிகளில் ஓய்ந்துவிடும், பாக்டீரியா ஓட்டமோ தொடர்ந்து வரும். புள்ளி முற்றி உலர்ந்திருந்தால் ஓட்டம் தெரியாமல் போகலாம்; அதனால் புதிய புள்ளியையே எடுக்க வேண்டும்.

ஈரப்பெட்டிச் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஒளி ஊடுருவும் மூடியுள்ள பெட்டியில் நனைத்துப் பிழிந்த காகிதத்தை விரித்து, கழுவிய இலைத்துண்டை அதன்மேல் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் 2 அல்லது 3 நாள் விட வேண்டும். கொலிட்டோட்ரைக்கமாக இருந்தால், புள்ளியின்மேல் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பிசுபிசுப்பான வித்துக் குமிழ்கள் எழும். பாக்டீரியாவாக இருந்தால் இழையோ குமிழோ எழாது. நீர்கோத்த பட்டை மட்டும் அகலும். இறந்த இழையத்தில் எந்தப் பூசணமும் குடியேறக்கூடும் என்பதால், நடுவில் தோன்றும் பஞ்சுபோன்ற வளர்ச்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது.

தனிமைப்படுத்துவதில் தூரத்தைவிட வழியை அடைப்பதே முக்கியம். பாக்டீரியா தானாகக் காற்றில் பறந்து வருவதில்லை. நீர்த் தெறிப்பு, ஈரமான கை, கத்தி ஆகியவற்றின் மூலம்தான் போகிறது. கொலிட்டோட்ரைக்கத்தின் பிசுபிசுப்பான வித்துகளும் பெரும்பாலும் தெறிக்கும் நீரிலேயே பரவுகின்றன. ஆல்டர்நேரியா போன்றவையோ காற்றிலும் செல்லும். எனவே நோயுற்ற செடிக்கு இலையை நனைக்காமல் மண்ணில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும், தண்ணீர் பீய்ச்சுவதை அறவே நிறுத்த வேண்டும், அதன்மேல் மின்விசிறிக் காற்று பட்டு மற்றச் செடிகளை நோக்கி வீசாதவாறு வைக்க வேண்டும். இலைகள் ஈரமாக இருக்கும்போது எந்தச் செடியையும் தொடக் கூடாது. வேலை முடிக்கும் வரிசையில் ஆரோக்கியமான செடிகள் முதலிலும், நோயுற்றது கடைசியிலும் வர வேண்டும். கத்தியில் ஒட்டிய சாற்றைத் துடைத்துவிட்டு 70 விழுக்காடு ஆல்கஹாலால் ஈரமாகத் துடைத்து உலரவிட வேண்டும். சாற்றைத் துடைக்காமல் ஆல்கஹாலைப் பூசினால், அந்தப் படலத்தின் அடியில் கிருமி தப்பிவிடும். அறுத்த இலையை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

சோதனையில் பூஞ்சை என்று தெரிந்தால், புள்ளியுள்ள இலைகளை நீக்கி இலைகளை உலர்வாக வைப்பதே பெரும்பாலும் போதும்; தேவையெனில் அப்போது பூஞ்சைக்கொல்லி பொருளுடையதாகும். பாக்டீரியா என்று தெரிந்தால் நிலைமை கடினம். செடியை நோயிலிருந்து மீட்கும் மருந்து எதுவும் இல்லை. தாமிரக் கலவை இலையின் மேற்பரப்பிலுள்ள கிருமியைத்தான் தடுக்கும், உள்ளே நுழைந்ததைத் தொடாது. தழைச்சத்து மிகுந்த உரத்தை நிறுத்திவைப்பது நல்லது, ஏனெனில் இலை ஓரத்துளிகளில் பாக்டீரியாவுக்கான உணவு அதனால் கூடுகிறது. அதன்பின் கவனிக்க வேண்டியது இலைக்காம்பு. முதிர்ந்த இலைகள் புள்ளியே இல்லாமல் மொத்தமாக மஞ்சளாகித் தொட்டதும் கழன்று வந்தாலோ, காம்பைக் குறுக்கே வெட்டும்போது குழாய்கள் பழுப்பாகத் தெரிந்தாலோ, பாக்டீரியா தண்டுக்குள் இறங்கிவிட்டது. அந்தச் செடியை மண்ணோடு அகற்றுவதே மற்ற ஏழு தொட்டிகளுக்கும் நல்லது. அதிலிருந்து பதியம் எடுப்பது நோயையே பதியமிடுவதாகும்.

காம்பு தூய்மையாக இருந்தால் காத்திருக்கலாம். ஆந்தூரியத்தில் இந்தக் கிருமி அறிகுறி காட்டாமல் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூடத் தங்கியிருக்கும். ஆகவே பத்து நாளில் புதுப் புள்ளி வரவில்லை என்பதற்காகச் செடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். குறைந்தது இரண்டு புதிய இலைகள் விரிந்து முதிர்ந்து, அவற்றின் ஓரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நீர்கோத்த பட்டை எதுவும் தெரியாத வரையில், அந்தத் தொட்டி தனியறையிலேயே இருக்கட்டும். மற்ற ஏழின் இலை ஓரங்களையும் வாரம் ஒருமுறை அதேபோல் பார்த்துவர வேண்டும்.