பட்டன் நிறத்தை மாற்றிப் பார்க்க ஏழரை வருடம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார்கள். அதைத் தட்டுகிறவர்கள் ஒரு லேண்டிங் பேஜுக்கு வருகிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 40 பேர், மாதத்துக்கு 1,200. அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாட்ஸ்அப் பட்டனை அழுத்தி விசாரிக்கிறார்கள்.

பட்டனைப் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினால் விசாரணை கூடுமா? வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும், பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி எண்ணிப் பார்ப்பதுதான் ஏ-பி டெஸ்ட். ஆனால் இந்தக் கடைக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

ஏனென்று பார்ப்போம். மாதம் ஒரு பக்கத்துக்கு 600 பேர், அதில் 18 விசாரணை. ஒரே பக்கத்தையே இரண்டு பிரிவுக்கும் காட்டினாலும் 18, 18 என்று வராது. ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 22 என்று வருவது சர்வசாதாரணம். அன்றைக்கு யார் வந்தார்கள் என்கிற தற்செயல்தான் காரணம், வேறொன்றுமில்லை. நிறம் மாற்றியதால் கிடைக்கக்கூடிய ஓரிரண்டு விசாரணை இந்த ஆட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

எத்தனை பேர் வேண்டும் என்று தோராயமாகக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

n என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையான ஆட்கள். p இரண்டு பக்கங்களின் சராசரி விசாரணை விகிதம், d நாம் பிடிக்க நினைக்கும் வித்தியாசம். இரண்டையும் 3 சதவீதம் என்றால் 0.03 என்று தசமத்தில் போட வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த வர்க்கத்தை. வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் நான்கு மடங்கு.

நிறம் மாற்றி 3 சதவீதம் 3.3 ஆகிறது என்றால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 54,000 பேர் வேண்டும். மாதம் 600 வீதம் ஏழரை வருடம். அதற்குள் கடையின் சேலை ரகமே மாறியிருக்கும். அதே 3 சதவீதம் 6 ஆகிறது என்றால் 760 பேர் போதும். ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே டிராஃபிக் குறைந்த கடை, 6-ஐத் தொட வாய்ப்புள்ள மாற்றத்தைத்தான் சோதிக்க வேண்டும். அது நிறத்தில் இருக்காது, வாங்க வருகிறவரின் தயக்கத்தில் இருக்கும். பழைய பக்கத்தில் கடையின் பாரம்பரியம் பற்றி மூன்று பத்தி, விலை போடாத 30 சேலைப் படங்கள், கடைசியில் பட்டன். புதியதில் ஒரே சேலை, புள்ளிகள் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்த படம், கூரியர் சேர்த்த விலை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அச்சடித்ததா, சாயம் போகுமா என்ற கேள்விகளுக்கு மேலேயே பதில், பக்கத்திலேயே பட்டன். இப்படிப் பக்கத்தையே புரட்டிப் போடலாம். இது தோற்கவும் செய்யலாம். ஆனால் பெரிதாகத் தோற்றாலும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கங்களும் ஒரே காலத்தில் ஓட வேண்டும். ஆனியில் பழையது, ஆடியில் புதியது என்று ஓட்டினால் அளப்பது ஆடித் தள்ளுபடியைத்தான். ஆறு வாரம் என்று முடிவு செய்துவிட்டால் நடுவில் தினமும் எட்டிப் பார்த்து, முந்துகிற நாளில் நிறுத்தவும் கூடாது. தற்செயலாக முந்துகிற நாள் ஒன்று அநேகமாக வரும்.

ஆறு வார முடிவில் பழையதில் 830 பேருக்கு 26 விசாரணை, புதியதில் 838 பேருக்கு 47 என்று வருகிறது என்போம். 3.1 சதவீதம், 5.6 சதவீதம். இரண்டும் ஒரே தரமாக இருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளி வருவது அபூர்வம், அதனால் புதியதை நம்பி வைத்துக்கொள்ளலாம். ஆனால் “இரண்டரை புள்ளி ஏறிவிட்டது” என்று அடித்துச் சொல்ல முடியாது. உண்மையான ஏற்றம் அரைப் புள்ளியாகவும் இருக்கலாம், நான்கைத் தாண்டியும் இருக்கலாம். சின்ன சோதனையில் ஜெயிக்கிற பக்கம் பெரும்பாலும் தன் பலத்தை மிகைப்படுத்தித்தான் காட்டும், ஏனென்றால் பெரிய இடைவெளி மட்டுமே அங்கே கண்ணில் படும்.

விலை காட்டியதா, படமா, சாயம் பற்றிய பதிலா, எது வேலை செய்தது என்றும் தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்கப் போனால் மறுபடி ஏழரை வருடக் கணக்குதான். விட்டுவிட்டு அடுத்த பெரிய மாற்றத்துக்குப் போவதே என் கட்சி.

அப்புறம் ஒன்று: விசாரணை கூடினால் விற்பனையும் கூடியது என்று ஆகிவிடாது. `wa.me` என்று தொடங்கும் வாட்ஸ்அப் இணைப்பின் கடைசியில் `?text=` என்று போட்டு, அதை ஒட்டி ஒரு வரியைச் சேர்த்தால், அனுப்ப வேண்டிய அந்த வரியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். பழைய பக்கத்தில் “சேலை விவரம் வேண்டும்”, புதியதில் “சுங்குடி விவரம் வேண்டும்” என்று வைத்துவிட்டால், பணம் கட்டியவர் எந்தப் பக்கம் வழியாக வந்தார் என்பதைக் கடைக்காரர் போனிலேயே எண்ணிக்கொள்ளலாம்.