வங்கிக்குள் கொடுத்த புகாருக்குப் பதில் வராதபோது: மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளில், தமிழ் பேசும் விவசாயிகள் பலர் தாங்கள் முழுதாகப் படிக்க முடியாத படிவங்களில் கையெழுத்திட்டுத்தான் வங்கிக் கடன் வாங்குகிறார்கள். அவர்கள் பெயரில் வேறு யாரோ கடன் எடுத்திருந்தால், நிலுவை நோட்டீஸ் வீட்டுக்கு வரும் நாள் வரை அவர்களுக்கு அது தெரியாது. அதை முதலில் பார்க்கக்கூடியவர் கிளையில் வேலை செய்யும் எழுத்தர்தான். ஆகவே இந்த விளக்கத்துக்கு அப்படி ஒருவரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

அவர் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எழுத்தர். இரண்டு வாரங்களுக்குள் வழங்கப்பட்ட 11 பயிர்க்கடன்களில், வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே சர்வே எண் கொண்ட நிலவரி ரசீது இணைக்கப்பட்டிருப்பதையும், கணக்கில் விழுந்த பணம் அன்றைக்கே ஒரே உரக்கடைக் கணக்குக்குப் போயிருப்பதையும் காண்கிறார். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்கிறார். பிறகு தன் பெயரிட்டு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். மூன்று மாதம் கழிந்தும் பதில் இல்லை. இனி அவர் யாருக்கு எழுதுவது?

பொதுத்துறை வங்கிகள், மத்திய அரசுத் துறைகள், மத்திய அரசின் நிறுவனங்கள் ஆகியவற்றில் நடக்கும் ஊழலையும் பதவி முறைகேட்டையும் வெளிப்படுத்துவோருக்காக 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொதுநல வெளிப்படுத்தல் மற்றும் தகவல் தருவோர் பாதுகாப்புத் தீர்மானம் என்று பெயர். அலுவலக வழக்கில் பிஐடிபிஐ என்பார்கள். தேசிய நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுப் பிரதமருக்கு எழுதிய கடிதம் பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் வந்த தீர்மானம் என்பதால், புகார்தாரரின் பெயர் யார் கைக்குப் போகிறது என்பதைச் சுற்றியே இதன் நடைமுறை முழுவதும் அமைந்திருக்கிறது. இதன்படி புகாரைப் பெறுவது புதுதில்லியில் உள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம்.

கேரளத்தின் கூட்டுறவு வங்கிகளும் மாநில அரசு அலுவலகங்களும் இதில் வரா. தனியார் வங்கி ஊழியருக்கு ரிசர்வ் வங்கியின் 2007ஆம் ஆண்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. புகார்தாரர்களைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை, அதை நம்பி இறங்கக் கூடாது.

புகாரை மூடி ஒட்டிய உறையில் ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் பிஐடிபிஐயைக் குறிக்கும் ‘PIDPI’ என்றோ பொதுநல வெளிப்படுத்தலின் கீழான புகார் என்றோ ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது சாதாரணப் புகாராகி, பெயர் காக்கும் கடமை ஆணையத்துக்கு இல்லாமல் போகும். மின்னஞ்சலிலும் இணையதளத்திலும் அனுப்பும் புகாருக்கும் இதே நிலைதான். அனுப்புநர் பெயரும் முகவரியும் உறையின் மேல் இருக்கக் கூடாது. உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் பெயரில்லாத புகாரை இத்தீர்மானத்தின் கீழ் எடுத்துக்கொள்வதில்லை. பெயரையும் முகவரியையும் புகாரோடு இணைத்த தனித்தாளில் எழுதுவதே நல்லது. அந்தத் தாளை விலக்கிவிட்டுப் புகாரை மட்டும் விசாரணைக்கு அனுப்ப முடியும்.

அதே காரணத்தால், எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எதுவும் புகாரின் வாசகத்தில் இருக்கக் கூடாது. ‘நான் மேலாளரிடம் சொன்னபோது’ என்று தொடங்கும் ஒரே வாக்கியம் போதும், கிளையில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். நம் எழுத்தர் 11 கடன் கணக்குகளின் எண், வழங்கிய தேதி, திரும்பத் திரும்ப வரும் சர்வே எண், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஆகியவற்றை மட்டும் வரிசையாக எழுதி, எந்தக் கோப்பில் பார்க்கலாம் என்றும் குறிப்பிட்டால் விசாரிப்பவர் தாமே கண்டெடுத்துவிடுவார். ஆவணங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளர் தகவலை வெளியே எடுத்தார் என்பது பின்னால் அவர்மீதே வரக்கூடிய குற்றச்சாட்டு, அதற்குப் பதில் சொல்வது கடினம். புகார் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காது.

ஆணையம் ஒப்புகைச் சீட்டு தராது, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்றும் சொல்லாது. ஆனால் இந்தப் புகாரைக் கொடுத்தது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்தக் கேட்டு, தாளில் எழுதிய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பும். 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். உறுதிப்படுத்தாத புகார் இத்தீர்மானத்தின் கீழான புகாராக மேலே போகாது. ஆகவே வங்கிக் குடியிருப்பையோ, தபாலைச் சக ஊழியர் வாங்கி வைக்கும் வீட்டையோ முகவரியாகத் தர வேண்டாம். கடிதம் அவர் கையிலேயே கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும்.

அந்தக் கடிதம் இன்னொன்றையும் கேட்கும்: இதே குற்றச்சாட்டை வேறு எந்த அதிகாரிக்கும் அனுப்பவில்லை என்ற சான்று. உள்ளே புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு இதுதான் மிகக் கடினமான இடம். மண்டல அலுவலகத்துக்கு எழுதியதை மறைத்துச் சான்றில் கையெழுத்திடுவது பொய்ச்சான்றாகிவிடும். எழுதிய தேதியையும் யாருக்கு எழுதினார் என்பதையும் பெயருள்ள தனித்தாளில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் பேரில் ஆணையம் இதைச் சாதாரணப் புகாராக நடத்தக்கூடும் என்பதை அறிந்தே அவர் முடிவெடுக்க வேண்டும். இதுவரை வாய்மொழியாக மட்டும் சொல்லியிருப்பவர், அடுத்த அடி வைக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளலாம். பிரதமர் அலுவலகத்துக்கும் பத்திரிகைக்கும் நகல் அனுப்பினால் கூடுதல் அழுத்தம் கிடைக்கும் என்று நினைப்பவர், கையில் இருக்கும் பாதுகாப்பைத் தாமே விட்டுவிடுகிறார்.

மண்டல அலுவலகத்தில் அவர் பெயரிட்ட கடிதம் கிடப்பதால், விசாரணைக்கு ஆள் வந்த அன்றே சந்தேகம் அவர்மேல்தான் விழும். ஆகவே அவருடைய ஆயத்தம் பெயர் வெளியாகிவிட்ட நிலையை எண்ணியே அமைய வேண்டும். கடந்த ஆண்டுகளின் பணி மதிப்பீடு, விடுப்பு அனுமதிகள், பாராட்டுக் கடிதங்கள், வேலைப் பகிர்வு ஆணைகள் என்று தன் சொந்தப் பணி சார்ந்த நகல்களை, புகார் அனுப்புவதற்கு முன்பே வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும். முன்பு நல்ல மதிப்பீடு பெற்றவருக்குத் திடீரென்று மெமோ வரும்போது, முன்பு என்ன நிலை என்று காட்ட இவைதான் இருக்கும். அந்த 11 கடன்களில் ஏதேனும் ஒன்றின் பதிவை அவரே கணினியில் ஏற்றியிருந்தால் அதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். புகார் கொடுத்ததனாலேயே அவருடைய சொந்தத் தவறு மன்னிக்கப்படுவதில்லை.

இடமாற்றமோ குற்றப்பத்திரிகையோ வந்தால், அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தராமல் விட்டால் அவர் தரப்பைக் கேட்காமலேயே நடவடிக்கை தொடரக்கூடும். பணியிடை நீக்கம் செய்தால் முழுச் சம்பளம் வராது, பிழைப்பூதியம் மட்டுமே வரும் என்பதால், வீட்டுக்கடன் தவணை உள்ளவர் சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே வழி பார்க்க வேண்டும். அதே சமயம், புகாரின் காரணமாகத் தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்று ஆணையத்துக்கு விண்ணப்பிக்கத் தீர்மானம் இடம் தருகிறது. நிறுவனத்துக்குத் தக்க உத்தரவு இட ஆணையத்தால் முடியும். அந்த விண்ணப்பத்தில் ‘தொல்லை கொடுக்கிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் ஆணையத்தால் ஒன்றும் செய்ய இயலாது. புகார் போன தேதி, விசாரணை அதிகாரி கிளைக்கு வந்த தேதி, இடமாற்ற ஆணையின் தேதி, அதே தகுதியுள்ள எத்தனை பேர் மாற்றப்படாமல் இருக்கிறார்கள் என்பது, இவை நான்கும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். உயிருக்கு அச்சம் இருந்தால் அதையும் தனியே குறிப்பிட வேண்டும். பாதுகாப்பு தேவை என்று ஆணையம் கருதினால் உரிய அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடும்.