முதல் தடவை கிளினிக் போகிறீர்களா? பயத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்

நான் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். முதல் தடவை வருகிறவர்களில் பலர் தங்கள் பயத்தைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, “ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே எனக்குக் கை நடுங்கும் டாக்டர்” என்பார்கள். அதற்குள் நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் பார்த்து எழுதி முடிந்திருக்கும். அந்த ஒரு வரியை வணக்கத்தோடு சேர்த்துக் கவுண்டரிலேயே சொல்லியிருந்தால் பரிசோதனையே வேறு மாதிரி போயிருக்கும்.

கவுண்டரில் இருக்கும் பெண்ணை டோக்கன் கொடுப்பவராக மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் எப்போது உள்ளே போவது, அதற்கு முன் பிரஷர் பார்க்க நர்ஸ் உங்களை எப்போது கூப்பிடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு உங்கள் பயம் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். நேராகப் போய் இப்படிச் சொல்லுங்கள்: “வணக்கம்மா, முதல் தடவை வர்றேன். கிளினிக்னாலே எனக்குப் படபடப்பா இருக்கும். பிரஷர் பாக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கட்டுமா?” வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நாங்கள் தினமும் கேட்கும் விஷயம்தான்.

சில இடங்களில் எல்லார் முன்னாலும் “என்ன பிரச்சினை?” என்று கேட்பார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், “விவரத்தை டாக்டர்கிட்டயே சொல்லிக்கிறேன்மா” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, திடீரென்று வாய் குளறுவது, மயக்கம் என்றால் வணக்கமும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். முதல் வார்த்தையாக அதையே உரக்கச் சொல்லுங்கள்.

பயம் பிரஷர் அளவை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 46 வயதுப் பெண்மணி ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி வந்த வேகத்தில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றார். கூட்ட நேரம். உடனே நர்ஸ் பிரஷர் பார்த்தார்: 164/98. பார்க்கும்போதே அந்த அம்மா, “ஜாஸ்தியா சிஸ்டர்? ஜாஸ்தியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேசினாலே அளவு ஏறும், அவர் பயத்தோடு வேறு பேசினார்.

என் அறைக்குள் வந்ததும் சீட்டை நீட்டினார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, “வணக்கம்மா, உட்காருங்க. முதல் தடவையா?” என்றேன். அப்போதுதான் விஷயம் வந்தது. அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது, தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அதைச் சொல்லி முடித்ததும் முகமே மாறிவிட்டது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் 5 நிமிடம் இருக்கச் சொன்னேன். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தேன். 142/88, அப்புறம் 138/86.

அன்று மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வரச் சொன்னேன். கிளினிக்கில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85தான் எல்லை. அவருடைய சராசரி அதற்குக் கீழேதான் இருந்தது. டாக்டரின் வெள்ளை கோட்டைப் பார்த்தால் மட்டும் ஏறும் பிரஷர் இது. இவர்களில் சிலருக்குப் பின்னாளில் உண்மையான ரத்தக் கொதிப்பு வருவதுண்டு, அதனால் வருடம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, ‘நமக்கும் பயத்தால்தான் ஏறுகிறது’ என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

டாக்டர் அறைக்குள்ளும் இதே முறைதான். ஃபைலை நீட்டுவதற்கு முன்னால், “வணக்கம் டாக்டர், முதல் தடவை வந்திருக்கேன், கொஞ்சம் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, எதற்காகப் பயம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துச் சொல்லுங்கள். ஊசியா, ரிப்போர்ட்டா, வீட்டில் யாருக்காவது வந்த நோயா என்று தெரிந்தால் நான் அங்கிருந்தே பேச ஆரம்பிப்பேன்.

கூட வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி வணக்கம் சொல்லி வாயெடுப்பதற்குள், “இவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா பயப்படுறாரு” என்று முந்திக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கமாட்டார். முதல் இரண்டு நிமிடம் அவரே பேசட்டும், விட்டுப்போனதை நீங்கள் அப்புறம் சொல்லலாம்.