துப்பறிவாளர் ஜெயித்தால் கொண்டாடாதீர்கள்

மார்ச் பிறந்தால் போதும், தண்டையார்பேட்டையில் என்னிடம் வரும் இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் ஒரே வரைபடத்தை நீட்டுகிறார்கள். அவர்கள் பழக்குவது GAN, அதாவது இரண்டு நியூரல் நெட்வொர்க்குகளின் போட்டி: ஜெனரேட்டர் போலிப் படம் வரையும், டிஸ்கிரிமினேட்டர் என்ற துப்பறிவாளர் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்வார். அந்த டிஸ்கிரிமினேட்டரின் லாஸ், அதாவது தவறின் அளவு, பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. "சார், துல்லியம் நூறு சதவீதம்!" ஜெனரேட்டர் வரைந்ததைக் காட்டச் சொன்னால் வெறும் புள்ளிக் கூட்டம்.

இங்கே லாஸ் மதிப்பெண் பட்டியல் அல்ல. 2014-இல் இயன் குட்ஃபெலோ குழுவினர் இம்முறையை வெளியிட்டபோதே சொன்ன உவமை, கள்ளநோட்டு அடிப்பவனும் போலீசும். அதில் பலரும் மறப்பது ஒன்று: கள்ளநோட்டுக்காரன் அசல் நோட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. "இதை இப்படிக் கொஞ்சம் மாற்று" என்று துப்பறிவாளரிடமிருந்து கசிந்து வரும் குறிப்புதான், அதாவது கிரேடியன்ட்தான், அவனுக்கு ஒரே பாடம்.

துப்பறிவாளர் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரராகிவிட்டால் அந்தக் குறிப்பு வற்றிவிடும். காசிமேட்டு மாணவர் ஒருவர் கையெழுத்து எண்களை வரையப் பழக்கினார். போலிப் படங்கள் அசலாக இருக்க வாய்ப்பு 0.0001 என்றது டிஸ்கிரிமினேட்டர். ஜெனரேட்டருக்கு அவர் எழுதியிருந்த லாஸ் `log(1 - D(G(z)))`. இதில் z தற்செயல் உள்ளீடு, G(z) ஜெனரேட்டர் வரைந்த படம், D அது அசல் என்பதற்கான வாய்ப்பு. டிஸ்கிரிமினேட்டரின் எண்ணை வாய்ப்பாக மாற்றும் சிக்மாய்டுக்கு முந்தைய மதிப்பைப் பொறுத்து இதன் சரிவின் அளவு அதே 0.0001. ஜெனரேட்டர் எதைப் பிடித்துக்கொண்டு கற்கும்? `-log(D(G(z)))` என்று மாற்றியதும் சரிவு 0.9999 ஆனது. இந்த மாற்று அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

மாற்றியதும் படம் வந்தது, கூடவே அடுத்த நோயும் வந்தது. எந்த உள்ளீட்டுக்கும் '1' மட்டுமே வரைந்தது. துப்பறிவாளரை ஏமாற்ற அது ஒன்றே போதுமே! அவர் விழித்துக்கொண்டு '1' அனைத்தையும் சந்தேகித்ததும் '7'-க்குத் தாவியது, பிறகு '9'-க்கு. இதற்கு மோட் கொலாப்ஸ் என்று பெயர். வழக்கமான பயிற்சியில் லாஸ் இறங்க வேண்டிய பள்ளம் ஓரிடத்தில் நிற்கும். இங்கே ஒருவர் அடியெடுத்து வைத்தாலே மற்றவரின் பள்ளம் நகர்ந்துவிடுகிறது. அதனால் இருவரும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆகவே, தயவுசெய்து படத்தைப் பாருங்கள். ஒரே 64 உள்ளீடுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, சில நூறு படிகளுக்கு ஒருமுறை அவற்றின் படங்களைச் சேமியுங்கள். சமநிலையில் துப்பறிவாளர் பாதிக்குப் பாதி என்று திணறுவார், லாஸ் 0.693 அருகே நிற்கும். அந்த எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். எதுவும் கற்காத துப்பறிவாளரும் அதையேதான் காட்டுவார். ஒவ்வொரு படியின் நீளமான லேர்னிங் ரேட்டை 0.0002-இல், எடைகளைத் திருத்தும் ஆடம் முறையின் `beta1`-ஐ 0.5-இல் தொடங்குங்கள். அசல் படத்தின் இலக்கை 1 என்று வைக்காமல் 0.9 என்று வைத்தால் துப்பறிவாளரின் தலைக்கனம் சற்று அடங்கும். ஒவ்வொரு சுற்றின் எடைகளையும் தனித்தனியாகச் சேமியுங்கள், பழையதன்மேல் எழுதிவிடாதீர்கள். நாற்பதாவது சுற்றில் பத்து எண்களையும் வரைந்தது ஐம்பதாவதில் ஒன்றாகச் சுருங்கிவிட்டால், திரும்பிப் போக வேறு வழி கிடையாது.