பிறந்த குழந்தைக்குக் கரைதிறன் சோதனை செய்து ‘அரிவாள் செல் இல்லை’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

“பிறந்த அன்றே சோதித்துவிட்டோம் டாக்டர், இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.” அரிவாள் செல் சோகையின் அத்தனை அறிகுறிகளோடும் குழந்தை முன்னால் கிடக்கும்போது இந்தச் சொற்களைக் கேட்க நேர்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோர் மீது அல்ல, அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் மீது. பிறந்த குழந்தைக்குச் செய்யவே கூடாத ஒரு சோதனையைச் செய்து, அதன் முடிவை நம்பச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அண்மையில் வந்தது ஒன்பது மாதக் குழந்தை. தாய், தந்தை இருவருமே அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவர்கள். கர்ப்ப காலத்திலேயே அது தெரியும். பிறந்ததும் கேட்டு வாங்கிச் சோதித்தும் இருக்கிறார்கள். ஏழாவது மாதத்தில் இரண்டு பாதங்களும் வீங்கின. பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்தார்கள். சில வாரங்களில் இரண்டு கைகளும் வீங்கின, தொட்டாலே அலறல். இப்போது தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.4 கிராம் என்று தெரிந்ததும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் சேர்ந்தது. என்னிடம் வந்தபோது இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. கண்ணில் இலேசான மஞ்சள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனையில் அரிவாள் செல்லுக்குக் காரணமான எஸ் வகை 72 சதவீதம், எஃப் வகை 24 சதவீதம், இயல்பான ஏ வகை அறவே இல்லை. உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவில் எந்தக் குறையும் இல்லை. அந்த இரும்பு தேவையே இல்லாத இரும்பு.

கரைதிறன் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே தவறு புரிந்துவிடும். சிறு குழாயில் ரத்தத்தை விட்டு, சிவப்பணுக்களைக் கரைத்து, டைதயோனைட் என்ற வேதிப்பொருளால் ஆக்சிஜனை நீக்குவார்கள். ஆக்சிஜனை இழந்த எஸ் வகை ஹீமோகுளோபின் கரையாமல் திரண்டு குழாயைக் கலங்கலாக்கும். குழாய்க்குப் பின்னால் கோடுகள் போட்ட அட்டை இருக்கும். கோடுகள் மறைந்தால் எஸ் இருக்கிறது என்று பொருள். ஆனால் கலங்குவதற்குப் போதிய அளவு எஸ் இருக்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம் கருவகை ஹீமோகுளோபின், அதாவது எஃப் வகை. முழு நோய் உள்ள குழந்தைக்கும் மீதிச் சிறு பங்கில்தான் எஸ் இருக்கிறது. கோடுகள் பளிச்சென்று தெரியும். சோதனைக்கூடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் இந்தச் சோதனையின் முடிவுக்கு மதிப்புக் கிடையாது. அது போதாதென்று, பெரியவர்களுக்கும் கூட, கலங்கல் வந்தால் அது முழு நோயா, மரபணுவைச் சுமப்பது மட்டுமா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

இந்த எஃப் வகை எதற்காக இருக்கிறது? ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு. பெரியவர்களின் ஏ வகையில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு சங்கிலிக்கும் நடுவில் இரும்பு அணு கொண்ட ஒரு ஹீம், அதில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு அமரும். ஓரிடத்தில் ஆக்சிஜன் அமர்ந்ததும் மூலக்கூறு முழுவதும் சற்றுத் திரும்பி மற்ற இடங்களை எளிதாக்கிக் கொடுக்கிறது. திசுக்களில் ஒன்று கழன்றால் மற்றவையும் எளிதில் கழல்கின்றன. ஆக்சிஜன் கழன்ற நிலையில் இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கும் இடையே ஓர் இடைவெளி விரிகிறது. சிவப்பணுவிலேயே உருவாகும் 2,3-பிபிஜி என்ற பொருள் அங்கே நுழைந்து அமர்ந்துகொண்டு, ஆக்சிஜனை மறுபடி இறுகப் பிடிக்கவிடாமல் தடுக்கிறது.

கருவகையில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலிகள். 2,3-பிபிஜி பற்றிக்கொள்ளும் இடத்தில், 143-ஆம் எண்ணில், பீட்டாவில் ஹிஸ்டிடின் இருக்கிறது. காமாவில் செரின் இருக்கிறது. அதனால் பிடிமானம் தளர்கிறது, எஃப் வகை ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஏ வகை பாதியளவு நிறைய ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 27 மி.மீ. பாதரசம் வேண்டும், எஃப் வகைக்கு 20-க்குக் கீழேயே போதும். நஞ்சுக்கொடியிலிருந்து திரும்பும் தொப்புள்கொடி ரத்தத்தில் அழுத்தம் 30 அளவுதான். அந்த அழுத்தத்தில் ஏ வகை பாதியைச் சற்றுத் தாண்டித்தான் நிறையும், எஃப் வகை முக்கால் பங்கு நிறைந்துவிடும். தாயின் ரத்தத்திலிருந்து கரு ஆக்சிஜனை வாங்கிக்கொள்வது இந்த வித்தியாசத்தால்தான்.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். “அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது, அதனால்தான் வலி” என்று மருத்துவப் பணியாளர்களே சொல்கிறார்கள். தவறு. எஸ் வகையிலும் அதே நான்கு சங்கிலிகள், அதே நான்கு ஹீம்கள். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் மூலக்கூறின் வெளிப்பரப்பில், ஹீமிலிருந்து தொலைவில் இருக்கிறது. நுரையீரலில் எஸ் வகை மற்றவற்றைப் போலவே ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனோடு இருக்கும்வரை அது கரைந்தே இருக்கிறது.

தொல்லை தொடங்குவது இறக்கிவைத்த பிறகு. ஆக்சிஜன் கழன்றதும் மூலக்கூறு திரும்புகிறது. அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் உள்ள ஒரு குழியில், கொக்கி வளையத்தில் மாட்டுவதுபோல மாட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று மாட்டி நீண்ட விறைத்த இழைகளாகின்றன. இழைகள் சிவப்பணுவை உள்ளிருந்து நீட்டி வளைத்துவிடுகின்றன. வளைந்த அணு நுண்குழாயில் சிக்கி அதற்கு அப்பால் ரத்தம் போகாமல் செய்கிறது. இழை உருவாகச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தது. நீரிழப்பால் அணுவுக்குள் எஸ் செறிவு கொஞ்சம் கூடினாலும் அந்த நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும். தண்ணீர் குடிக்கச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

இந்த நோயாளிகளின் ரத்தம் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுகிறது என்பதும் உண்மை. சோகையை ஈடுகட்ட 2,3-பிபிஜி கூடுகிறது, பாதி நிறையத் தேவையான அழுத்தமும் 27-ஐத் தாண்டிப் போகிறது. திசுக்களுக்கு அது உதவிதான், ஆனால் ஆக்சிஜனை விட்ட எஸ் கூடக்கூட இழையும் கூடும். அந்தக் குழந்தையின் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜன் சுமக்கும். 7.4 கிராம் என்றால் 100 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய 10 மி.லி.; 12 கிராம் உள்ள குழந்தைக்கு 16 மி.லி. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருவருக்கும் 97 என்றே காட்டும். இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. விரலில் 97 காட்டும் குழந்தைக்கு வலி தீர மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைப்பதாலும் பயனில்லை. அடைப்பு நுண்குழாயில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் வையுங்கள், வலிக்கு வலி மருந்தைத் தயங்காமல் போதிய அளவில் கொடுங்கள்.

எஃப் வகை இங்கே ஏன் காக்கிறது? காமாவில் அந்த வேலின் இல்லை, பக்கத்து இழையோடு ஒட்ட வேண்டிய இடமும் மாறியிருக்கிறது. ஒரு பாதி காமாவும் ஒரு பாதி எஸ் பீட்டாவும் கலந்த மூலக்கூறு கூட இழையில் சேர்வதில்லை. இந்த நோயுள்ள பச்சிளங்குழந்தைகளின் அணுக்கள் வளையத் தயங்குவதைக் கவனித்து, கருவகையே காரணமாக இருக்கலாம் என்று 1948-இலேயே ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் சொன்னார். பிறப்பை ஒட்டிக் காமா உற்பத்தி குறைந்து பீட்டா ஏறுகிறது. எஃப் நிறைந்த பழைய அணுக்கள் அழிய, எஸ் நிறைந்த புதியவை வருகின்றன. ஆறாம் மாதத்தை ஒட்டிக் கவசம் விலகத் தொடங்குகிறது. அந்த வயதில் கை, கால் சிற்றெலும்புகளில் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. அங்கே ரத்தம் தடைப்படுவதால்தான் முதல் அறிகுறியாகக் கைகால் வீங்குகின்றன. அடிபடாமல் இரண்டு பாதமோ இரண்டு கையோ வீங்கிய ஆறு மாதக் குழந்தையைப் பூச்சிக்கடி என்று அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

பெற்றோர் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் பிறந்ததும் குதிகால் ரத்தத்தில் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோஃபோரெசிஸ் மூலம் பாருங்கள். எஃப், எஸ் என்று மட்டும் வந்து ஏ காணாவிட்டால் நோய் என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு உறுதிசெய்யலாம். எஃப், ஏ, எஸ் மூன்றும் வந்து எஸ்ஸைவிட ஏ கூடுதலாக இருந்தால் அவர் சுமப்பவர். ரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே செயலிழக்கும் என்பதால் இரண்டு, மூன்று மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை தினமும் பென்சிலின், நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி இரண்டும் கட்டாயம். 1986-இல் வெளிவந்த ஆய்வு, பென்சிலினால் நியூமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. பொய்ச் சீட்டோடு போன குழந்தைக்கு இந்த மாதங்கள் அத்தனையும் பாழ். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பேன். அது திடீரெனப் பெரிதாகிக் குழந்தை வெளிறினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

ஹைட்ராக்ஸியூரியா பற்றிப் பயப்படும் பெற்றோர் நிறைய. அது எஃப் வகையை மறுபடி கூட்டுகிறது, ஒன்பதாவது மாதத்திலிருந்தே கொடுக்கலாம். வெள்ளணு, தட்டணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் குழந்தைக்கும் தொடங்கியிருக்கிறேன். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் 7, 8 என்று நிலையாக இருக்கும் குழந்தைக்கு எண்ணைச் சரிக்கட்ட ரத்தம் ஏற்றவும் வேண்டாம். அளவு மீறி ஏறினால் ரத்தம் கெட்டிப்பட்டு அடைப்பு இன்னும் கூடும்.

ரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் சோதனைக்கான ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஏற்றுங்கள். கொடையாளியின் ஏ வகை கலந்துவிட்டால் நோயுள்ள குழந்தையும் சுமப்பவர் போலத் தெரியும். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் மூன்று மாதம் கழித்துச் சோதியுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தாய், தந்தை இருவரின் ரத்தத்தையும் அனுப்புங்கள்.